தொட்டி, குழாய் படக் கணக்கில் விடை பொருந்தவில்லையா? போட்டோவில் எங்கே தவறியது என்று கண்டுபிடிக்கும் வழி

கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் சொல்லித்தருபவர்களின் போனில் தேர்வு நாள் மாலையில் வந்து குவிபவை பெரும்பாலும் ஒரே மாதிரியான போட்டோக்கள். நான்காக மடித்த வினாத்தாள், அதில் ஒரு தண்ணீர்த் தொட்டி அல்லது பாதியில் ஒடுங்கும் குழாய், ஓரத்தில் பேனாவால் போட்ட கணக்கு. கூடவே ஒரு வரி: "சார், விடைக்குறிப்போடு பொருந்தவில்லை."

இந்தப் பாடத்தில் சூத்திரத்தை மறந்ததால் வரும் பிழை குறைவு. படத்தைத் தவறாக வாசித்ததால் வரும் பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அம்பு எந்தக் கோட்டில் முடிகிறது, செ.மீ.யின் தலையில் ஒரு சிறிய 2 இருக்கிறதா, தொட்டிக்கு மூடி உண்டா என்பவைதான் கேள்விகள். நல்ல வேளையாக, ஒவ்வொரு தவறான வாசிப்பும் விடையில் தனக்கே உரிய தடத்தை விட்டுவைக்கிறது. ஆகவே கணக்கை மறுபடி முதலிலிருந்து போடாதீர்கள். முதலில் இரண்டு வேலை செய்யுங்கள். பெரிய விடையைச் சிறிய விடையால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதம் எதையும் சொல்லவில்லை என்றால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். கிடைக்கும் எண்தான் கீழே எந்தத் தலைப்புக்குப் போக வேண்டும் என்று சொல்லும்.

எடுத்துக்காட்டுகளில் தண்ணீரின் அடர்த்தி 1000 கி.கி./மீ³, g = 10 மீ/வி² என்று வைத்துக்கொள்கிறேன்.

## எதற்கும் முன்: போட்டோவைச் சரிபாருங்கள்

செலவில்லாத சோதனை இதுதான். தாள் கையில் இருந்தால் மடிப்பை நீவி, மேசையில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுக்கவும். ஃபிளாஷ் வேண்டாம். அது மெல்லிய கோடுகளை வெளுக்கச் செய்துவிடும். படத்தின் நான்கு பக்கமும் ஒரு விரல் அகலம் இடம் விட்டு எடுக்கவும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கப்படும். அதில் முதலில் அழிவது அடுக்கு எண்கள்தான். டாக்குமெண்டாக அனுப்பினால் எடுத்தபடியே போகும்.

தாள் கையில் இல்லை, போட்டோ மட்டும்தான் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. கேரள ஹயர் செகண்டரி வினாத்தாளில் ஆங்கில வரிக்குக் கீழே அதே கேள்வி மலையாளத்திலும் அச்சாகியிருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் கொண்டுவரும் தமிழ்நாட்டுத் தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். எல்லையின் இருபுறமும் ஒவ்வோர் எண்ணும் இரண்டு முறை அச்சாகிறது. ஒரு வரியில் மங்கிய எண்ணை மற்ற வரியில் பார்க்கலாம். மலையாளம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எண்களும் அலகுகளும் அங்கே அப்படியேதான் இருக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: போட்டோவில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். இந்தப் படங்கள் அளவுக்கு ஏற்ப வரையப்படுவதில்லை. துளை தொட்டியின் நடுவில் தெரிவதால் ஆழம் பாதி என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

## அறிகுறி 1: துளையிலிருந்து பாயும் வேகம் பொருந்தவில்லை, ஆனால் தண்ணீர் விழும் தூரம் சரியாக வருகிறது

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விடைக்குறிப்பே தவறு என்று பிள்ளைகள் உறுதியாக வாதிடுவது இங்கேதான்.

மேலே திறந்த தொட்டி ஒன்று தரையில் நிற்கிறது. தண்ணீர் 4 மீட்டர் உயரம். பக்கச் சுவரில் சிறிய துளை. துளையை ஒட்டி 0.8 m என்று எழுதிய ஓர் அம்பு. கேள்வி: தண்ணீர் வெளியேறும் வேகம் என்ன, தொட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையைத் தொடும்?

மாணவர் 0.8 மீட்டரை மேற்பரப்பிலிருந்து துளைவரை உள்ள ஆழமாக எடுத்துக்கொண்டார்:

```
v = √(2 × 10 × 0.8) = 4 m/s
விழும் உயரம் = 4 − 0.8 = 3.2 m
t = √(2 × 3.2 / 10) = 0.8 s
தூரம் = 4 × 0.8 = 3.2 m
```

விடைக்குறிப்பில் வேகம் 8 மீ/வி, தூரம் 3.2 மீ. "தூரம் சரியாக வந்துவிட்டதே சார், வேகம் தவறாக இருந்தால் தூரம் எப்படிச் சரியாக வரும்?" என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது.

இப்போது 0.8 மீட்டரைத் தரையிலிருந்து துளையின் உயரமாக வைத்துப் போடுங்கள்:

```
ஆழம் = 4 − 0.8 = 3.2 m
v = √(2 × 10 × 3.2) = 8 m/s
t = √(2 × 0.8 / 10) = 0.4 s
தூரம் = 8 × 0.4 = 3.2 m
```

வேகம் இரட்டிப்பாகிறது, விழும் நேரம் பாதியாகிறது, தூரம் அசையவில்லை. ஆழம் h, மொத்த உயரம் H என்றால் தூரம் 2√(h(H − h)). இதில் h இருந்த இடத்தில் H − h வைத்தாலும் அதே சூத்திரம்தான். எனவே அம்பைத் தலைகீழாக வாசித்தாலும் தூரம் உங்களைக் காட்டிக்கொடுக்காது. தூரம் பொருந்தி வேகம் மட்டும் பொருந்தாமல் வந்தால், அது அம்பின் முனையைத் தவறாக வாசித்ததற்கான ஏறக்குறைய உறுதியான சான்று. விகிதம் எப்போதும் 2 ஆக இருக்காது. அது √((H − h)/h). இந்தத் தொட்டியில் √(3.2/0.8) என்பதால் 2 வந்தது.

### முதல் காரணம்: அம்பின் ஒரு முனை மறைந்திருக்கிறது

அளவு காட்டும் அம்புக்கு இரண்டு முனை உண்டு. போட்டோவைப் பெரிதாக்கி இரண்டையும் தேடுங்கள். ஒரு முனை துளையில் இருக்கும். மற்றது தண்ணீர் மேற்பரப்பில் முடிகிறதா, தரைக்கோட்டில் முடிகிறதா? முனை தெரியவில்லை என்றால் கேள்வியின் சொற்களுக்குப் போங்கள். ஆழம் என்று இருந்தால் மேலிருந்து, உயரம் என்று இருந்தால் கீழிருந்து. மலையாள வரியிலும் இதே இரண்டு சொற்கள்தான் வரும் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அங்கே தடுமாற்றம் இருக்காது.

### இரண்டாவது: தாளின் மடிப்பு தண்ணீர் மட்டமாகத் தெரிகிறது

நான்காக மடித்த தாளில் மடிப்புக்கோடு தொட்டியின் குறுக்கே போனால், போட்டோவில் அது தண்ணீரின் மேற்பரப்பைப் போலவே இருக்கும். வேறுபடுத்த எளிய வழி உண்டு. தண்ணீர் மட்டக் கோடு தொட்டியின் இரு சுவர்களோடு நின்றுவிடும். அதற்குக் கீழே சிறு சிறு கோடுகள் போட்டிருப்பார்கள். மடிப்பு சுவரைத் தாண்டி எழுத்துகளின் மேலும் ஓடும்.

### மூன்றாவது: தொட்டி தரையில் இல்லை

படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, தொட்டிக்குக் கீழிருந்த மேடை போட்டோவில் விழாமல் போயிருக்கலாம். அப்போது அறிகுறி நேர் எதிராக மாறும்: வேகம் பொருந்தும், தூரம் பொருந்தாது, விடைக்குறிப்பின் தூரம் அதிகமாக இருக்கும். மேடை இருந்தால் மேலே சொன்ன சமச்சீர்மையும் போய்விடும். தண்ணீர் உண்மையில் விழும் உயரத்தைத்தான் நேரத்துக்கான கணக்கில் போட வேண்டும்.

### நான்காவது: தொட்டிக்கு மூடி இருக்கிறது

விடைக்குறிப்பின் வேகம் மிக அதிகமாக இருந்து, தூரமும் பொருந்தவில்லை என்றால் படத்தின் மேல் ஓரத்தைப் பாருங்கள். மேலே ஒரு கோடு இருந்து, அதற்குக் கீழே காற்று அடைபட்டிருந்தால் √(2gh) செல்லாது.

நம் தொட்டியிலேயே பார்க்கலாம். துளைக்கு மேல் தண்ணீர் 3.2 மீ. மேலே அடைபட்ட காற்றின் முழு அழுத்தம் 2.0×10⁵ Pa, வெளிக்காற்று 1.0×10⁵ Pa.

```
v² = 2(P − P₀)/ρ + 2gh
   = 2(1.0×10⁵)/1000 + 64 = 264
v  = 16.2 m/s
```

திறந்த தொட்டி என்று நினைத்துப் போட்ட 8 உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அம்பு பிழையிலும் 2 வந்தது. ஆனால் அங்கே விகிதம் சரியாக 2, இங்கே 2.03. அந்தச் சிறு மிச்சத்தை "தோராயம்" என்று தள்ளிவிட்டால் தவறான தலைப்பில் தேடிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் விடை 21.5 என்று வந்திருந்தால் மூடியைக் கவனித்துவிட்டீர்கள், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்கத்தான் மறந்திருக்கிறீர்கள்.

## அறிகுறி 2: ஒடுங்கும் குழாயில் வேகமும் பொருந்தவில்லை, அழுத்த வேறுபாடும் பொருந்தவில்லை

படுக்கையாக ஒரு குழாய். அகன்ற பக்கம் 4, ஒடுங்கிய பக்கம் 2. அகன்ற பக்கத்தில் வேகம் 1.5 மீ/வி. அந்த 4 என்பது 4 cm என்ற விட்டமா, 4 cm² என்ற பரப்பா? சுருங்கிய போட்டோவில் தலைமேல் இருந்த 2 காணாமல் போயிருந்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

விட்டமாக எடுத்தால் பரப்புகளின் விகிதம் 4, ஒடுங்கிய பக்கத்து வேகம் 6 மீ/வி. பரப்பாக எடுத்தால் விகிதம் 2, வேகம் 3 மீ/வி. அழுத்த வேறுபாட்டைப் பாருங்கள்:

```
விட்டம் என்றால்: ½ × 1000 × (36 − 2.25) = 16875 Pa
பரப்பு என்றால்:  ½ × 1000 × (9 − 2.25)  = 3375 Pa
```

வேகத்தில் 2 மடங்கு, அழுத்தத்தில் சரியாக 5 மடங்கு. இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். பொதுவாக, எழுதியிருக்கும் இரு எண்களின் விகிதம் n என்றால், வேகம் n மடங்கும் அழுத்த வேறுபாடு n² + 1 மடங்கும் தவறும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. குழாயில் 6, 2 என்று எழுதியிருந்தால் n = 3. அழுத்தம் தவறுவது 9 + 1, அதாவது சரியாக 10 மடங்கு. பத்து மடங்கு என்றதும் எல்லோரும் தசமப் புள்ளியையும் அலகு மாற்றத்தையும் தேடத் தொடங்கிவிடுவார்கள். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வேகத்தையும் வகுத்துப் பாருங்கள். தசமப் பிழையில் வேக விகிதம் 3 ஆக வராது.

எது சரி என்பதை எழுத்தைக் கொண்டு முடிவுசெய்யலாம். எண்ணுக்கு முன்னால் A இருந்தால் பரப்பு, d அல்லது D இருந்தால் விட்டம். எழுத்து இல்லை என்றால் அம்பைப் பாருங்கள். குழாயின் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை அம்பு போட்டிருந்தால் அது நீளம், ஆகவே விட்டம். பரப்புக்கு அப்படி அம்பு போட மாட்டார்கள். குழாயின் வாயில் ஒரு நீள்வட்டம் வரைந்து அதிலிருந்து கோடு இழுத்து எழுதுவார்கள்.

குழாய் படுக்கையாக இல்லாமல் ஏறினால் உயர வேறுபாட்டுக்கு ρgh சேரும். அப்போது மேலே சொன்ன 5, 10 என்ற விகிதங்கள் கலைந்துவிடும். முதலில் இரு விடைகளிலிருந்தும் ρgh பகுதியைக் கழியுங்கள், பிறகு வகுத்துப் பாருங்கள். ஏறும் குழாயில் இரு மையக் கோடுகளுக்கு இடையே உள்ள செங்குத்து உயரம்தான் h. சாய்ந்த குழாயின் நீளம் அல்ல. சாய்வின் மேல் எழுதிய எண்ணை அப்படியே h என்று போடுவது அடிக்கடி காணும் பிழை.

## அறிகுறி 3: வேகம் சரி, பாயும் அளவு மட்டும் 4 மடங்கு

விட்டத்தை ஆரமாக வைத்துவிட்டீர்கள். வேகக் கணக்கில் இது தப்பித்துவிடும், ஏனென்றால் இரு பக்கத்திலும் ஒரே தவறு நடந்து விகிதத்தில் அடிபட்டுப்போகும். வினாடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்கும்போதுதான் வெளியே வரும்.

4 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 1.5 மீ/வி வேகம் என்றால் π × (0.02)² × 1.5 = 1.885×10⁻³ மீ³/வி, அதாவது வினாடிக்கு 1.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 15 லிட்டர் வாளி 8 வினாடியில் நிரம்பும். 0.04 மீட்டரை ஆரமாகப் போட்டால் வினாடிக்கு 7.5 லிட்டர், வாளி 2 வினாடியில் நிரம்பிவிடும். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒன்றரை அங்குலக் குழாயைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு இவற்றில் எது நம்பும்படி இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இதே அறிகுறி 16 மடங்காக வந்தால், கேள்வியில் பாகியல் எண் கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட மெல்லிய குழாயும் η என்ற எழுத்தும் இருந்தால் அது பெர்னௌலி கணக்கே அல்ல, பாய்சொய் சூத்திரம். அங்கே ஆரம் நான்காம் அடுக்கில் வருவதால் 2 மடங்கு பிழை 16 ஆகிவிடும். போட்டோவில் η என்பது n போலத் தெரிவதும் உண்டு.

## அறிகுறி 4: விகிதம் எதையும் சொல்லவில்லை, கழித்தால் 1.01×10⁵ வருகிறது

இது வளிமண்டல அழுத்தம். விடை கேஜ் அழுத்தமா, முழு அழுத்தமா என்பதில்தான் சிக்கல். 4 மீட்டர் தண்ணீரின் அடியில் தண்ணீரால் மட்டும் வரும் அழுத்தம் 40000 Pa. மேலே திறந்திருந்தால் முழு அழுத்தம் 1.41×10⁵ Pa. வகுத்தால் 3.5 என்று அர்த்தமில்லாத எண் வரும். கழித்தால் உடனே விளங்கிவிடும். விடை பாதரச உயரத்தில் கேட்கப்பட்டிருந்தால் வேறுபாடு 76 செ.மீ., தண்ணீர் உயரத்தில் என்றால் ஏறக்குறைய 10 மீ.

எதைக் கேட்கிறார்கள் என்று கேள்வியில் பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். சொல்லாதபோது தாளின் தலைப்பில் கொடுத்திருக்கும் மாறிலிகளைப் பாருங்கள். வளிமண்டல அழுத்தத்தின் மதிப்பு அங்கே இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள் என்று கொள்ளலாம். போட்டோ எடுப்பவர்கள் தங்கள் கேள்வியை மட்டும் எடுத்து அந்தத் தலைப்பை விட்டுவிடுகிறார்கள். முதல் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.

கழித்தது 1.01×10⁵ இல்லை, ஆனால் அதை ஒரு பரப்பால் பெருக்கிய எண் என்றால், கேள்வி விசையைப் பற்றியது. தொட்டிச் சுவரில் பொருத்திய அடைப்பான் மேல் உள்ள நிகர விசைக்குக் கேஜ் அழுத்தம் போதும். வெளிப்புறத்திலிருந்து காற்று எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உட்பக்க விசை மட்டும் கேட்டிருந்தால் முழு அழுத்தம் வேண்டும்.

## அறிகுறி 5: விடை கொஞ்சம் மட்டும் தள்ளியிருக்கிறது

எவ்வளவு கொஞ்சம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அழுத்தத்தில் 2 சதவீதம், துளை வேகத்தில் 1 சதவீதம் என்றால் g மதிப்பு 9.8க்கும் 10க்கும் இடையே மாறியிருக்கிறது. இது பிழையே அல்ல. தாளில் எது கொடுத்திருக்கிறதோ அதைப் போடுங்கள், முடிந்தது.

ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் தள்ளி, விடைக்குறிப்பின் வேகம் குறைவாக இருந்தால் தொட்டிக்குள் இரண்டு திரவங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட கோடு மெல்லியது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் முதலில் மறைவது அதுதான். துளைக்கு மேலிருக்கும் 3.2 மீட்டரில் மேல் 2 மீட்டர் எண்ணெய், அடர்த்தி 800, கீழ் 1.2 மீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 16000 + 12000 = 28000 Pa. வெளியேறுவது தண்ணீர், ஆகவே வேகம் √56 = 7.5 மீ/வி. எல்லாம் தண்ணீர் என்று போட்டவருக்கு 8 வரும். கேள்வியில் இரண்டு அடர்த்திகள் இருந்தும் உங்கள் கணக்கில் ஒன்றுதான் வந்திருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

விடைக்குறிப்பின் வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தால் துளை சிறியதல்ல என்று பொருள். தொட்டியின் மேற்பரப்பும் இறங்கும் வேகத்தை விட்டுவிட்டீர்கள். துளையின் பரப்பு தொட்டியின் பரப்பில் பத்தில் ஒன்று என்றால் வேறுபாடு அரை சதவீதம்தான், யாரும் கவனிக்க மாட்டார்கள். பாதி என்றால் 15 சதவீதம். இரு பரப்புகளும் கேள்வியில் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றைப் பயன்படுத்தத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

## அறிகுறி 6: அழுத்தம் எதிர்க்குறியில் வருகிறது

அறிகுறி 2இல் பார்த்த அதே குழாய், விட்டங்கள் 4 செ.மீ., 2 செ.மீ. இப்போது ஒடுங்கிய பக்கம் 1 மீட்டர் மேலே இருக்கிறது. அகன்ற பக்கத்து முழு அழுத்தம் 1.5×10⁵ Pa. வேகத்தால் 16875, உயரத்தால் 10000, ஆக 26875 Pa குறையும். ஒடுங்கிய பக்கத்தில் 1.23×10⁵ Pa இருக்க வேண்டும். போட்டோவில் அடுக்கு 5 என்பதை 3 என்று வாசித்தால் 1500 − 26875 = −25375 வந்துவிடும்.

கேட்டது கேஜ் அழுத்தம் என்றால் எதிர்க்குறி வரலாம், அதில் தவறில்லை. ஆனால் அதுவும் −1.01×10⁵க்குக் கீழே போகக் கூடாது. முழு அழுத்தம் இந்தக் கணக்குகளில் எதிர்க்குறியில் வரவே கூடாது. உண்மையில் பூஜ்யத்தை எட்டும் முன்பே, 30 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 4200 பாஸ்கலுக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும்.

சோதனையின் வரிசை இது: முதலில் அடுக்கு எண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். 3, 5, 8 மூன்றும் மங்கினால் ஒன்றாகத் தெரியும். அடுக்கு முழுதாக வரியில் இறங்கி 10⁵ என்பது 105 என்று தெரிவதும் உண்டு. அடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் உயரம் என்பதை மட்டும் பாருங்கள். பெர்னௌலி சமன்பாட்டுக்கு ஓட்டத்தின் திசை தேவையில்லை. உயரத்தின் குறி மாறியிருந்தால் ρgh இருமடங்காகத் தவறும். நம் குழாயில் அது 20000 Pa. போட்டோ சுழன்று தலைகீழாகச் சேமிக்கப்பட்டிருந்தால் இது நடக்கும். எழுத்துகள் நேராக இருக்கும்படி திருப்பிவிட்டுப் பாருங்கள்.

## எப்போது நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் போக வேண்டும்

படத்தை இரு விதமாக வாசித்தும் இரண்டும் விடைக்குறிப்போடு பொருந்தவில்லை என்றால் மூன்றாவது வாசிப்பைக் கற்பனை செய்யாதீர்கள். மடிக்காத தாள் பாட ஆசிரியரிடம் இருக்கும். அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். போகும்போது வெறும் போட்டோவோடு போகாமல், இரு வாசிப்புகளின் விடைகளையும் விகிதத்தையும் எழுதிக்கொண்டு போங்கள். "0.8 ஆழம் என்றால் 4, உயரம் என்றால் 8, விடைக்குறிப்பில் 6 என்றிருக்கிறது" என்று சொன்னால் அவர் உடனே சரியான இடத்தைப் பார்ப்பார்.

கேள்வியே தனக்குள் முரண்பட்டால் அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. குழாயின் இரு விட்டங்களும் இரு வேகங்களும் நான்குமே கொடுக்கப்பட்டிருந்தால் முதலில் A₁v₁ = A₂v₂ பொருந்துகிறதா என்று பாருங்கள். 4 செ.மீ., 2 செ.மீ., 1.5 மீ/வி, 3 மீ/வி என்று நான்கும் தெளிவாக அச்சாகியிருந்தால், அது விட்டத்தையும் பரப்பையும் குழப்பிக்கொண்டு உருவாக்கிய கேள்வி. பக்கத்தில் கிளை எதுவும் பிரிகிறதா என்று மட்டும் படத்தில் ஒரு முறை பாருங்கள், கிளை இருந்தால் கேள்வி சரியாக இருக்கலாம். கிளை இல்லை என்றால் பள்ளியில் நடந்த தேர்வானால் பாட ஆசிரியரிடமும், பொதுத்தேர்வானால் அவர் வழியாகத் துறைக்கும் அதைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு மடிக்காத தாளும், இரு பக்கப் பெருக்கல்களும் எழுதிய ஒரு வரியும் போதும்: அகன்ற பக்கத்தில் 4² × 1.5 = 24, ஒடுங்கிய பக்கத்தில் 2² × 3 = 12.